ஆளைக் கூட்டுமுன் கேட்க வேண்டிய மூன்று கணக்கு: டெல்டா பாசனப் பணிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டா மாவட்டங்களில் மதகு, வாய்க்கால் பணிகளை மேற்பார்வையிடும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும், அப்பணிகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும், அவற்றை விரைவுபடுத்தச் சொல்லி மனு கொடுக்கும் பாசனதாரர் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் சிறு மதகுகளும் தடுப்புச் சுவர்களும் கட்டும் தளங்களில் பல ஆண்டுகள் தளப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் நடுவில், மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது என்ற வழக்கமான நாள் நெருங்கி வரும்போது, நம் தளங்களில் ஒரே உத்தரவு திரும்பத் திரும்பக் கேட்கும்: "வேலை பின்தங்கியிருக்கிறது, ஆளைக் கூட்டுங்கள்." அந்த உத்தரவைக் கொடுப்பவர்களின் நோக்கத்தில் எனக்கு ஐயம் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு தவறானது என்பதையும், அந்தத் தவறு பல இடங்களில் வேலையை இன்னும் தாமதப்படுத்துகிறது என்பதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை விளக்கவே இந்த மடல்.

தவறு எங்கே தொடங்குகிறது என்றால், மூன்று வெவ்வேறு அளவுகளை நாம் ஒரே சொல்லால் குறிப்பதில்தான். "இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்கிறோம். அந்த "நாள்" என்பது எந்த நாள்? ஒருவர் ஒரு நாள் செய்யும் உழைப்பை ஓர் ஆள்நாள் என்கிறோம்; கூலிப் பட்டியலிலும் மதிப்பீட்டிலும் இருப்பது இதுதான். இருக்கிற ஆட்கள் அந்த உழைப்பைச் செய்து முடிக்கத் தளத்தில் வேலை நடக்கும் நாட்களை வேலைநாள் என்போம். தொடங்கிய காலையிலிருந்து முடிந்த மாலை வரை, ஞாயிற்றுக்கிழமையும் காத்திருப்பும் உட்பட, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் கிழிபடும் தாள்களின் எண்ணிக்கை மூன்றாவது. அதை நாட்காட்டி நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களைக் கூட்டினால் முதல் அளவு குறைவதே இல்லை. இரண்டாவது அளவு சில சமயம் குறையும். மூன்றாவது அளவு குறைவது இன்னும் அரிது. ஆனால் தண்ணீர் வரும் தேதியோடு மோதுவது இந்த மூன்றாவது அளவுதான்.

இது நம் விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. குறுவைக்கு விதையை ஊறவைக்க ஒரு நாள், முளைகட்ட ஒரு நாள், பிறகு நாற்றங்காலில் மூன்று வாரம் என்று எல்லோருக்கும் தெரியும். நெல்லின் வயதில் மாதத்துக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் நாற்றின் வயதைச் சொல்லும் வழக்கமும் உண்டு. நாற்றங்காலைச் சுற்றி நாற்பது பேர் நின்றாலும் பத்து நாள் நாற்று இருபது நாள் நாற்றாகாது. அதே நாற்றைப் பறித்து நடும் நாளிலோ ஆள் கூடக் கூட வேலை குறையும். ஏனெனில் ஒருவர் நடும் வரிசைக்கும் அடுத்தவர் நடும் வரிசைக்கும் பேச்சு தேவையில்லை, வயலில் இடமும் உண்டு, புதிதாக வந்தவருக்கு நடவு கற்றுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. நடவுக்குப் பொருந்தும் கணக்கை நாற்றங்காலுக்குப் பொருத்துவதற்கு எந்த விவசாயியும் துணிய மாட்டார். ஆனால் கட்டுமானத் தளத்தில் அதைத்தான் ஒவ்வோர் ஆண்டும் செய்கிறோம், ஏனெனில் அங்கே இரண்டு வகை வேலைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எது எந்த வகை என்று கண்ணுக்கு உடனே தெரிவதில்லை.

பொதுவாகச் சொல்வதை விட, ஒரு மதகை எடுத்து நாள் நாளாகப் பார்ப்பது தெளிவாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு தளம். கிளை வாய்க்கால் ஒன்றின் தலைப்பில் இருந்த பழைய செங்கல் மதகை இடித்துவிட்டு, இரண்டு கண் கொண்ட கான்கிரீட் மதகு கட்டினோம். ஒரு கண்ணின் அகலம் 1.8 மீட்டர். அடித்தளம் போட்டு முடித்திருந்தோம். மே 11, திங்கட்கிழமை காலை, மீதமிருந்த வேலை இவ்வளவு: சுவர்களுக்கும் நடுத்தூணுக்கும் கம்பி கட்ட 24 ஆள்நாள், அவற்றுக்குச் சென்ட்ரிங் அடிக்க 24, கான்கிரீட் போட 8; பிறகு மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் 24, கம்பி 16, கான்கிரீட் 8; கடைசியில் முட்டுகளைப் பிரித்து, ஷட்டர் பொருத்தி, சுவருக்குப் பின்னால் மண் நிரப்பித் திமிசு போட்டு இறுக்க 24. மொத்தம் 128 ஆள்நாள். எங்களிடம் எட்டுப் பேர் கொண்ட குழு. 128-ஐ எட்டால் வகுத்தால் 16 வேலைநாள்.

ஆனால் நாட்காட்டி 16-இல் நிற்கவில்லை. சுவருக்குக் கான்கிரீட் போட்ட பிறகு அது இறுகி, பலகையைக் கழற்றுவதற்கு இரண்டு நாள் விட்டோம். மேல்தளம் போட்ட பிறகு பத்து நாள் முட்டுகளோடு நீராற்ற வேண்டும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாளும், சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட்டுக்குக் குறைந்தது பத்து நாளும் ஈரமாக வைக்கச் சொல்கிறது. நாங்கள் பயன்படுத்தியது கலப்புச் சிமெண்ட், அதுவும் மே மாத வெயிலில். ஆகவே அந்தப் பத்து நாளில் ஒன்றைக்கூட நான் குறைக்க ஒப்பவில்லை. 16 வேலைநாள், 12 நாள் காத்திருப்பு, இடையில் விழும் மூன்று ஞாயிறு என்று 31 நாட்காட்டி நாள். ஜூன் 10 மாலை வேலை முடிய வேண்டும்.

கம்பி லாரி வந்து சேரத் தாமதமானதால், 13-ஆம் தேதி முடிய வேண்டிய சுவர்க் கம்பி வேலை 18-ஆம் தேதி மாலைதான் முடிந்தது. அன்று ஆய்வுக்கு வந்தவர்கள் ஐந்து நாள் தாமதம் என்று குறித்துக்கொண்டார்கள். குறித்ததில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தாமதம் ஆள் குறைவால் வந்ததல்ல, இரும்பு வராததால் வந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. "மீதி 104 ஆள்நாள், பதினாறு பேர் இருந்தால் ஏழு நாளில் முடியும். எட்டுப் பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்று உத்தரவு வந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் மேஸ்திரி, "சார், அந்தக் கண்ணுக்குள்ள நிக்க எடம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில், எட்டுப் பேரோடே தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொறுமையாகப் பார்ப்போம். சென்ட்ரிங் 19, 20, 21. கான்கிரீட் 22, வெள்ளி. இரண்டு நாள் காத்திருப்பு சனிக்கிழமையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் விழுகிறது; அதாவது அந்த ஞாயிறு தனியாக நமக்கு இழப்பில்லை. மேல்தளச் சென்ட்ரிங் 25 முதல் 27 வரை, கம்பி 28, 29, கான்கிரீட் 30. பத்து நாள் நீராற்றல் மே 31 முதல் ஜூன் 9 வரை. அதற்குள் இரண்டு ஞாயிறு கரைந்துவிடுகின்றன. கடைசி வேலை ஜூன் 10, 11, 12. ஐந்து நாள் பின்தங்கிய வேலை, ஒரு ஆளையும் கூட்டாமல், இரண்டே நாள் தாமதத்தில் முடிந்திருக்கும். காத்திருப்பு நாட்கள் விடுமுறையை விழுங்கிக்கொள்ளும் என்பது ஆள்நாள் கணக்கில் தெரியவே தெரியாது, நாட்காட்டியில்தான் தெரியும். ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் அளவில் ஆகும், அங்கிருந்து எங்கள் கிளை வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாள். ஆகவே அந்த இரண்டு நாள் தாமதம் யாரையும் பாதித்திருக்காது.

நடந்தது வேறு. கட்டடத் தளம் ஒன்றிலிருந்து எட்டுப் பேர் 21-ஆம் தேதி வந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் வீட்டுச் சுவருக்குப் பலகை அடித்தவர்களுக்கு, மதகுச் சுவரில் ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளம் என்றால் என்ன, அது ஏன் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும் என்பது தெரிய வாய்ப்பில்லை. வரைபடத்தை முழுவதும் மனத்தில் வைத்திருந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். 21, 22 ஆகிய இரண்டு நாளும் அவரும், பழைய குழுவில் அனுபவமுள்ள இருவரும், புதியவர்களுக்கு இடம் காட்டுவதிலும் அளவு சொல்வதிலும் கழித்தார்கள். வேலை தெரிந்த மூவரின் கைகளும் அந்த நேரத்தில் வேலையில் இல்லை. 1.8 மீட்டர் கண்ணுக்குள் பலகையும் முட்டும் போக இருவர் மூவர்தான் நின்று சுத்தியல் வீச முடியும். மற்றவர்கள் கரைமேல் காத்திருந்தார்கள். வழக்கமாக ஒரே நாளில், அதாவது எட்டு ஆள்நாளில் முடியக்கூடிய மீதிச் சென்ட்ரிங், பதினாறு பேர் இருந்தும் இரண்டு நாள் எடுத்தது.

23-ஆம் தேதி, சனிக்கிழமை காலை, கலவை இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன் நான் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கப் பள்ளம் மேலே இரண்டு சென்டிமீட்டர் விலகியிருந்தது. அப்படியே கான்கிரீட் போட்டிருந்தால் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ளும். பிறகு உளியால் கொத்தித்தான் சரிசெய்ய முடியும். பிரித்து மறுபடி அடித்தோம். சனி முழுதும் போயிற்று, ஞாயிறு விடுமுறை, திங்கள் மாலை முடிந்தது. 26-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் சுவர்க் கான்கிரீட் போட்டோம். ஆளைக் கூட்டாமல் இருந்திருந்தால் அது 22-ஆம் தேதியே முடிந்திருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மேல்தளச் சென்ட்ரிங்கில் பதினாறு பேரும் உண்மையிலேயே பயன்பட்டார்கள். அதற்குள் புதியவர்களுக்குத் தளம் பழகிவிட்டது. மூன்று நாள் வேலை 29, 30 என்று இரண்டே நாளில் முடிந்தது. ஆனால் 31 ஞாயிறு. அடுத்த கம்பி கட்டும் வேலை ஒரு சிறிய தளத்தின் மேல் நடப்பது. அங்கே எட்டுப் பேருக்கு மேல் குந்தி உட்கார இடம் கிடையாது. அது வழக்கம்போல் ஜூன் 1, 2 என்று இரண்டு நாளே எடுத்தது. 3-ஆம் தேதி கான்கிரீட், 4 முதல் 13 வரை நீராற்றல், 14 ஞாயிறு, 15, 16 கடைசி வேலை. ஜூன் 16 மாலை முடித்தோம். எட்டுப் பேரோடு தொடர்ந்திருந்தால் வந்திருக்கும் தேதியைவிட நான்கு நாள் பிந்திவிட்டது. நீராற்றும் நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் கூலி கொடுத்த ஆள்நாளை எண்ணினேன்: 208. எட்டுப் பேராகவே முடித்திருந்தால் 104. உழைப்பு சரியாக இரண்டு மடங்கு, நாட்காட்டி நான்கு நாள் அதிகம்.

அதன் விளைவு அங்கேயே முடியவில்லை. தண்ணீர் அருகில் வந்துவிட்டது என்ற பதற்றத்தில், சுவருக்குப் பின்னால் மண்ணை ஒரு சாண் உயரப் படலங்களாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு படலத்தையும் இறுக்காமல், இயந்திரத்தால் மொத்தமாகத் தள்ளி மூடினார்கள். நான் எதிர்த்தேன், கேட்கப்படவில்லை. அந்த ஐப்பசி மழையில் சுவருக்குப் பின்னால் மண் உட்கார்ந்து, தண்ணீர் மதகைச் சுற்றிக்கொண்டு கசிந்தது. கரையைத் தோண்டி மறுபடி மூட வேண்டி வந்தது. பின்தங்கிய வேலையில் கடைசியில் இருப்பதுதான் எப்போதும் பிழியப்படும். மதகில் அந்தக் கடைசி வேலை மண் இறுக்குதல், அதன் குறை உடனே கண்ணுக்குத் தெரியாது.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதள உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், பின்தங்கிய மென்பொருள் பணிக்கு ஆளைச் சேர்த்தால் அது இன்னும் பின்தங்கும் என்று 1975-இல் எழுதினார்; அது மிகைப்படுத்திச் சுருக்கிய கூற்று என்று அவரே குறிப்பிட்டும் இருக்கிறார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பவர் ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவர்தான் என்பது. இன்னொன்று, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேச வேண்டியிருந்தால் எட்டுப் பேருக்கு 28 இணைகள், பதினாறு பேருக்கு 120 இணைகள் என்று ஒருங்கிணைப்பு பெருகுவது. ஆள் இரண்டு மடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேல் ஆகிறது.

நம் தளத்தில் எல்லோரும் எல்லோரோடும் பேசுவதில்லை. எல்லாக் கேள்வியும் மேஸ்திரியிடம் போகிறது. இது 120 இணைகளைவிட நல்லது என்று முதலில் தோன்றலாம். ஆனால் அந்த எல்லாச் சுமையும் ஒரே மனிதரின் நேரத்தில் விழுகிறது என்பதுதான் இதன் பொருள். எட்டுப் பேரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே தூக்குக்குண்டும் பிடித்துப் பார்க்க மேஸ்திரிக்கு நேரம் இருந்தது. பதினாறு பேர் ஆனபோது தூக்குக்குண்டுதான் முதலில் விடுபட்டது. அந்த இரண்டு சென்டிமீட்டர் பிழை புதியவர்களின் கையால் வந்தது. ஆனால் அது இரண்டு நாள் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், பார்க்க வேண்டியவருக்குப் பார்க்க நேரமில்லாமல் போனதே.

எனவே ஆளைச் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டுப் பேரை எங்கே நிறுத்தினோம் என்பதில்தான் தவறு. அதே தளத்தில், அதே 21-ஆம் தேதி வந்த அதே எட்டுப் பேரை வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது எனக்குப் பின்னால்தான் தோன்றியது. அன்று தோன்றாததற்கு இன்றும் வருந்துகிறேன். மேல்தளத்தைச் சுவர்மேல் வார்க்காமல், கரையில் சமதரையில் தனித்தனிப் பலகங்களாக வார்த்து, பிறகு கிரேனால் தூக்கி வைத்திருக்கலாம். தரையில் வார்ப்பதற்கு முட்டு வேண்டாம். சாதாரணப் பெட்டிப் பலகை போதும். கண்ணுக்குள் இருக்கும் நெருக்கடி அங்கே இல்லை. பள்ளமும் சரிவும் இல்லாத எளிய வடிவம் என்பதால் மேஸ்திரி காலையில் ஒருமுறை அளவு கொடுத்தால் போதும். புதியவர்கள் 21, 22, 23 ஆகிய நாட்களில் அச்சும் கம்பியும் தயார் செய்து 25-ஆம் தேதி வார்த்திருந்தால், அந்தப் பத்து நாள் நீராற்றல் ஜூன் 4-இல் முடிந்திருக்கும். பழைய குழு தன் வழியில் 22-ஆம் தேதி சுவரை வார்த்து, அதற்கும் பத்து நாள் ஈரம் காத்து, ஜூன் 2, 3, 4-இல் ஷட்டரையும் மண் நிரப்புதலையும் அவசரமில்லாமல் செய்திருக்கும். 5-ஆம் தேதி பலகங்களைத் தூக்கி வைத்து இணைப்பை மூடினால், 6-ஆம் தேதி மண் தடுப்பை வெட்டிவிடலாம்.

இதில் பத்து நாள் காத்திருப்பில் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவரின் காத்திருப்பும் தளத்தின் காத்திருப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் அக்கம்பக்கமாக நின்றன, அவ்வளவுதான். இருவேறு குழுக்களுக்கு நடுவே பேச வேண்டியது கிட்டத்தட்ட எதுவும் இல்லாத இடத்தில் வேலையைப் பிளந்தால், கூடுதல் ஆள் நடவு வயலில் நிற்பதைப் போலப் பயன்படுவார். பிளக்காமல் அதே கண்ணுக்குள் இறக்கினால், நாற்றங்காலைச் சுற்றி நிற்பதைப் போலத்தான்.

இந்த மாற்று வழிக்கும் எல்லை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பலகங்கள் உட்காரும் இடத்தைச் சுவர் வார்க்கும் முன்பே வடிவமைக்க வேண்டும். கிரேன் வந்து நிற்க உறுதியான கரை வேண்டும். நம் களிமண் கரையில் ஒரு மழை பெய்தாலே அது கைவிட்டுப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரைபட மாற்றத்துக்குத் துறையின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலும் இந்த மூன்று கணக்கில் அடங்கியதுதான். பொறியாளர் அந்த வரைபடத்தைப் படித்துச் சரிபார்க்க ஆகும் உழைப்பு அரை நாளாக இருக்கலாம். ஆனால் அது மேசையிலிருந்து மேசைக்குப் போய் வர ஆகும் நாட்காட்டி நாள் பத்தாகவும் இருக்கலாம். மே 19 அன்று அனுப்பிய மாற்றம் 29 அன்று திரும்பினால் அந்த வழியால் எந்தப் பயனும் இல்லை. தளத்தில் பதினாறு பேரை நிறுத்துவதைவிட, அந்தத் தாளை ஒரே நாளில் திருப்பி அனுப்புவது தேதியை அதிகம் மாற்றும்.

வாய்க்கால் தூர்வாருதல் இதற்கு நேர்மாறானது. அதனால்தான் நாம் குழம்புகிறோம் என்று நினைக்கிறேன். நான்கு தனித்தனி வாய்க்கால்கள் இருந்தால் நான்கு இயந்திரங்களை இறக்கலாம். நான்கு மடங்கு வேகம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். ஒரே வாய்க்காலில்கூட இரண்டு இயந்திரங்கள் போதிய இடைவெளியில் தனித்தனித் துண்டுகளைப் பிடித்துச் செய்யலாம். அள்ளிய மண்ணை ஏற்றிப்போகும் லாரிகளுக்குக் கரையில் ஒரே பாதைதான் என்றால், மூன்றாவது இயந்திரம் லாரிக்காக நிற்கத் தொடங்கும். தூர்வாருதலில் ஆளும் இயந்திரமும் கூட்டி வெற்றி கண்ட அதிகாரி, அதே வாரத்தில் மதகுத் தளத்துக்கு வந்து அதே உத்தரவைக் கொடுப்பது இயல்பே. இரண்டும் ஒரே கோப்பில், ஒரே ஜூன் 12-க்குக் கீழே எழுதப்பட்டிருந்தாலும், இரண்டும் ஒரே வகை வேலை அல்ல.

கூட்டிய ஆட்களால் பயன் வருகிறதா என்பதை அறிய மாதக் கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லை. தளத்துக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கையை எண்ணாமல், ஒவ்வொரு மாலையும் மீதமுள்ள ஆள்நாளை எண்ணிக் குறித்தால் போதும். எங்கள் தளத்தில் 20-ஆம் தேதி மாலை சுவர்ச் சென்ட்ரிங்கில் எட்டு ஆள்நாள் மீதமிருந்தது. எட்டுப் பேர் கூடுதலாக வந்த பிறகு, 22 மாலை அது பூஜ்யம் என்று எழுதப்பட்டது. 23 காலை தூக்குக்குண்டு பிடித்த பிறகு அது பதினாறாக ஏறியது. ஆள் கூடிய பிறகு மீதி ஆள்நாள் குறையாமல் நிற்கிறது அல்லது ஏறுகிறது என்றால், அந்த ஆட்கள் தவறான இடத்தில் இருக்கிறார்கள். மேஸ்திரி நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறாரா, கையில் அளவுகோலோடு இருக்கிறாரா என்பதும் அதே செய்தியைச் சொல்லும்.

ஆகவே மூன்று தரப்பினரிடமும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். பொறியாளர்களே, ஆய்வுக்கு வரும்போது "எத்தனை ஆள்?" என்று கேட்பதற்கு முன், மீதி ஆள்நாள் எவ்வளவு, அதில் காத்திருப்பு எத்தனை நாள், அந்தக் காத்திருப்பு எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். தாமதத்தின் காரணம் கம்பியா, சிமெண்ட்டா, ஒப்புதலா, ஆளா என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர்களே, கூடுதல் குழுவை மதகின் கண்ணுக்குள் இறக்காமல், கரையில் தனியாகச் செய்யக்கூடிய துண்டு ஏதும் உண்டா என்று உங்கள் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்; அப்படி எதுவும் இல்லை என்று அவர் சொன்னால், அந்தக் கூலியில் ஒரு மேற்பார்வையாளரைச் சேர்த்து, தூக்குக்குண்டு பிடிப்பதை மட்டும் அவருக்கு வேலையாகக் கொடுங்கள். சங்க நிர்வாகிகளே, "ஆளைக் கூட்டு" என்று மனு எழுதாமல், சுவர் எந்தத் தேதியில் வார்க்கப்பட்டது, முட்டு எந்தத் தேதியில் பிரிக்கப்படும், மண் நிரப்ப எத்தனை நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தேதியோடு கேளுங்கள். இந்த மூன்று தேதிகளும் தளத்தின் பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

இந்த ஆண்டு மதகுப் பணி நடக்கும் எந்தத் தளத்தில் இருந்தாவது, இப்படிக் கணக்கிட்டுப் பார்க்க உதவி வேண்டும் என்று எந்த மேஸ்திரியோ உதவிப் பொறியாளரோ கேட்டால், கட்டணமின்றி வந்து ஒரு நாள் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். மே மாதத் தொடக்கத்தில் கூப்பிடுங்கள். சுவருக்குக் கம்பி கட்டத் தொடங்கும் முன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தளப் பொறியாளர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்